பின்னட்டை ஆசிரியர் குறிப்பு: பக்கம் பக்கமான பட்டியலை மூணு வரியாக்கிய அனுபவம்

அட்டைக்காரன்
புத்தகக் காட்சி அவசரம். உள்பக்கம் அச்சுக்குப் போயாச்சு, அட்டை மட்டும் நிக்குது. பின்னட்டையில் நூல் அறிமுகம், பார்கோடு, விலை எல்லாம் போக ஆசிரியர் குறிப்புக்கு மிஞ்சினது முப்பது, முப்பத்தஞ்சு சொல்லுக்கான இடம். ஐயா அனுப்பியது ரெண்டு பக்கம். படிப்பு, வானொலி உரைகள், கருத்தரங்குகள், அரிமா சங்க விருது, ரெண்டு ‘மாமணி’ பட்டம். புத்தகமோ ஏரிப் பாசனம் பத்தி. பட்டியலின் அடியில் ஒரு வரி: ‘பொதுப்பணித் துறைப் பொறியாளர் (ஓய்வு)’. போன் பண்ணிக் கேட்டா, வேலை பார்த்த காலம் பூரா ஏரிகள்தானாம்! எழுதிக் கொடுத்தது இது:

“பொதுப்பணித் துறைப் பொறியாளராகச் செங்கல்பட்டு வட்டார ஏரிகளின் மதகுகளையும் கலங்கல்களையும் முப்பது ஆண்டுகள் பராமரித்தவர். ஏரி நீர்ப் பங்கீடு குறித்து ஏற்கெனவே இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு, தூர்ந்துபோன வரத்துக்கால்வாய்களைத் தேடி ஊர் ஊராக நடந்ததில் உருவானது இந்நூல்.”

ஐயா வாசிச்சுட்டு, “விருது ஒண்ணும் காணோமே தம்பி. மதகு தொறக்கிற ஆளுன்னு போட்டிருக்கீங்க”ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “சரி, உங்க இஷ்டம்.” அந்த ‘உங்க இஷ்டம்’ இன்னும் உறுத்துது.

வாசகர்வட்டம்
ஐயா சொன்னதுதான் சரி. கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறவன் முதல் வரியைத்தான் படிப்பான். அங்கே விருது இருக்கணும். எந்த விருதுன்னு விவரம்கூட வேண்டாம், ‘பல்வேறு விருதுகள் பெற்றவர்’னு போட்டாலே கனம் வந்துடும். அடுத்து மொத்த நூல்களின் எண்ணிக்கை. அதுக்கப்புறம் பிறந்த ஊர், அப்பதான் ஊர்க்காரங்க வாங்குவாங்க. போட்டோ சின்னதா வைங்க, எழுத்துக்கு இடம் கிடைக்கும். அரிமா சங்கத்தை விட்டது தப்பு. வெளியீட்டு விழாவுக்குக் கூட்டம் சேர்க்கிறதே அவங்கதான்.

பழைய புரூஃப்
‘பல்வேறு விருதுகள்’னு பார்த்தாலே, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு கடைக்காரர்கூடக் கண்டுபிடிச்சுடுவார். எண்ணிக்கை அடுத்த புத்தகத்தோட பழசாயிடும். விருதைப் போட்டா முழுப் பெயரோட போடுங்க.

நான் பார்த்த ஒரு அட்டையில் ‘சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்’னு இருந்தது. அவர் வாங்கியது யுவ புரஸ்கார். அது 35 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு 2011-லிருந்து தர்றது, வேற விருது. அவர் பட்டியல்ல சரியாத்தான் எழுதியிருந்தார், சுருக்கினவங்க ‘யுவ’வை வெட்டிட்டாங்க. விழா மேடையில் ஒரு மூத்தவர் அட்டையைத் திருப்பி, “எந்த வருஷம் தம்பி?”ன்னு கேட்டார். பையன் முகத்தைப் பார்க்க முடியல. அப்புறம் ஒவ்வொரு பிரதியிலயும் ஸ்டிக்கர். அகாதெமி தளத்தில் மொழிவாரியா, ஆண்டுவாரியா பட்டியல் இருக்கு, பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகாது.

இன்னொண்ணு, முதன்மை விருதே ஒரு குறிப்பிட்ட புத்தகத்துக்குத்தான். அசோகமித்திரனுக்கு 1996-ல் கிடைச்சது ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைத் தொகுப்புக்கு. வாசகர் முதல்ல சொல்றதோ ‘தண்ணீர்’. நாவலோட அட்டையில் விருதை மட்டும் மொட்டையா போட்டா அந்த நாவலுக்கே கிடைச்சதுன்னு நினைப்பாங்க.

முனைவர்_ஆகப்போறவன்
நல்ல இழை. உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போறேன். பயோடேட்டாவில் கட்டுரைகளை எல்லாம் இப்படி மூணு வரியில் அடக்கிடலாமா?

பழைய புரூஃப்
ஐயோ, வேண்டாம் தம்பி. அங்கே ஒவ்வொண்ணுக்கும் மதிப்பெண். ஒரு வரி விடாதீங்க.

கிணற்றடி
நான் சுருக்கப்பட்ட ஆள். மலையாளத்திலிருந்து மூணு நாவல் மொழிபெயர்த்திருக்கேன், ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கு. எல்லாம் எழுதி அனுப்பினேன். அட்டையில் வந்தது: ‘இல்லத்தரசி. எழுத்தில் ஆர்வம் உள்ளவர். கணவர் வங்கி அதிகாரி.’ மூணு வாக்கியம், கணக்குச் சரி. விருது இல்லாததால எழுத ஒண்ணுமில்லைன்னு நினைச்சிருப்பாங்க போல. வாசகர்வட்டம் சொல்ற முறைப்படி போனா எனக்கு இதுதான் மிஞ்சும்.

ஆனா அட்டைக்காரன், நான் ஐயா பக்கம்தான். அவர் எழுதின நூல்கள் உங்க ரெண்டாவது வாக்கியத்தில், அதுவும் பேர் இல்லாம கிடக்குது. உத்தியோகம் முதல் வரியில். எழுதுறவனுக்கு அது வலிக்கும்.

அட்டைக்காரன்
பேர் போட்டா நாலாவது வரி ஆயிடுது மேடம். அந்த ரெண்டும் இப்ப அச்சிலயும் இல்லை. ஏரி பத்திச் சொல்ல இவருக்கு என்ன தகுதின்னுதான் வாசகன் கேட்பான், அதுக்குப் பதில் அந்த வேலைதான்.

கிணற்றடி
அச்சில் இல்லாததாலதான் பேர் வேணுங்கிறேன். தேடுறவங்க நூலகத்துல தேடுவாங்க.

அட்டைக்காரன்
அப்படி நான் யோசிக்கல. ஐயா அடுத்த பதிப்புல கடைசிப் பக்கத்துல முழுப் பட்டியலையும் போடச் சொல்லிட்டார், மாமணி உட்பட. 16 பக்க ஃபாரத்துல பக்கம் மிஞ்சினா போடலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.