குறிச்சொல் வகைகள்: பொதுவா, பெருவா, இடமா, ஊரா?

கயல்விழி:
வணக்கம். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் மகளிர் குழுவுக்கு இன்ஸ்டாகிராம் பயிற்சி கொடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹேஷ்டேக்குக்குக் 'குறிச்சொல்' என்று வைத்துவிட்டேன். அதன் மூன்று வகைக்குத்தான் பெயர் வேண்டும். #saree உலகமே போடுவது. #sungudisaree விவரம் தெரிந்தவர்கள் தேடுவது. #madurai ஊர்ப்பெயர். 'பரந்த, குறுகிய, இட' என்று எழுதியிருந்தேன். 'குறுகிய' என்றால் எழுத்து குறைவாக இருக்கணுமா என்று ஓர் அக்கா கேட்டார்.

சொக்கலிங்கம்:
அம்மா, நன்னூல் வழியே இருக்கிறதே. மரம் பொதுப்பெயர், மா, பலா சிறப்புப்பெயர். ஆகவே பொதுக்குறி, சிறப்புக்குறி, இடக்குறி. 'சொல்' என்ற வால் தேவையில்லை. அகப்பொருளில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவுக்குறி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபை 'பெருங்குறி மகாசபை'. ஒரு பெயரின் கீழ் கூடுவதற்குக் 'குறி' ஆயிரம் ஆண்டுப் பழைய சொல். #saree என்பதைப் 'பெருங்குறி' என்றே சொல்லலாம்.

கயல்விழி:
ஐயா, கல்வெட்டுச் செய்தி அருமை. ஆனால் வெறும் 'குறி'யை வகுப்பில் சொல்ல முடியாது. 'சொல்' இருக்கட்டும்.

மணிமேகலை:
#sungudisaree போன்ற இரண்டாம் வகையை ஆங்கிலத்தில் 'நிச்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சுவரில் குடைந்த மாடம் என்றும் பொருள். நமக்கு அகல்விளக்கு மாடம் இல்லையா? மாடக்குறிச்சொல் என்று வைத்தால் அழகாகவும் தூய்மையாகவும் இருக்கும்.

இளங்கோ:
மாடம் என்றால் கடைக்காரர் மாடி வீட்டைத்தான் நினைப்பார். 'சிறப்பு' என்றால் தள்ளுபடி. நான் சில கடைகளுக்குப் பக்கம் நடத்துகிறேன், எங்களுக்குள் சொல்வது 'தனி'. சொல்லைவிட வகை பிரிப்பதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. #maduraisungudi எந்த வகை? ஊர்ப்பெயர் இருப்பதால் எல்லோரும் இடத்தில் சேர்ப்பார்கள். ஆனால் அது புவிசார் குறியீடு பெற்ற சரக்கின் பெயர். பெங்களூரில் இருப்பவர் அதைத் தேடுவது சேலைக்காக. அதனால் தனி வகை.

#madurai என்று தேடிப் புதிய பதிவுகளைப் பாருங்கள். கோபுரம், ஜிகர்தண்டா, கல்யாண ஆல்பம். சேலை வாங்க வந்தவர் அங்கே குறைவு. கடைக்கு ஆள் நேரில் வரவேண்டும் என்றால் அது வேண்டும். தபாலில் மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் விட்டுவிடலாம். #saree-இல் உங்கள் படம் போட்ட வேகத்தில் அடியில் போய்விடும். #sungudisaree-இல் பதிவு குறைவு என்பதால் நின்று பார்க்கப்படும். ஆனால் யாருமே போடாத சொல்லைத் தேர்ந்தால் தேடுபவரும் இருக்க மாட்டார். தேடினால் அண்மைப் பதிவுகள் வருகிறதா, அவை உங்கள் மாதிரிச் சரக்கா என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன்பு 30 வரை போட விட்டார்கள். 2021-இல் இன்ஸ்டாகிராமே 3 முதல் 5 போதும் என்றது. இந்தக் குழுவுக்கு நான் ஐந்து தருவேன்: #cottonsaree பொதுவுக்கு ஒன்று, #sungudisaree, #maduraisungudi, #tieanddye தனிக்கு மூன்று, கடை இருந்தால் #madurai. #saree வேண்டவே வேண்டாம்.

பாலு:
இடத்துக்குக் குறிச்சொல் எதற்கு? பதிவில் 'இடம் சேர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதிலேயே மதுரை போட்டால் முடிந்தது. இடக்குறி என்றால் அதுதான்.

இளங்கோ:
அது வேறு, பாலு சார். இடம் சேர்த்தால் பதிவு அந்த இடத்தின் பக்கத்தில் வரும். #madurai என்பது கீழே எழுதும் சொல். இரண்டையும் செய்யலாம். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று சரி: இரண்டுக்கும் 'இட' என்றே பெயர் வைத்தால் வகுப்பு குழம்பும். அதனால்தான் இதை 'ஊர்க்குறிச்சொல்' என்கிறேன்.

தர்ஷினி, கொக்குவில், யாழ்ப்பாணம்:
நான் வீட்டில கேக் செய்து விக்கிறனான். ஓடர் தாறது டொராண்டோவில இருக்கிற பிள்ளையள், கேக் போறது இஞ்ச இருக்கிற அம்மா அப்பாவுக்கு. ஊர்க்குறிச்சொல் எண்டால் நான் எந்த ஊரைப் போட? #toronto போட்டுப் பாத்தன், அங்கத்தைய பேக்கரி தேடுற ஆக்கள்தான் வருகினம். #jaffnacakes போட்டாப் பிறகுதான் கேட்டு எழுதுகினம்.

இளங்கோ:
கேக் போய்ச் சேரும் ஊரைத்தான் போட வேண்டும். டொராண்டோவில் இருப்பவர் தேடும்போது யாழ்ப்பாணம் என்றுதானே தேடுவார். வாங்குபவர் இருக்கும் ஊரா, பொருள் சேரும் ஊரா என்று கையேட்டில் ஒரு வரி வேண்டும், கயல்விழி.

கயல்விழி:
சேர்த்துவிட்டேன். பொது, தனி, ஊர் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐந்து பேர் சரி என்று தனிமடல் போட்டார்கள். மணிமேகலை அக்கா, மாடம் இந்த முறை இல்லை.

மணிமேகலை:
'தனி' என்றால் ஒற்றை என்றுதான் பொருள் படும். மூன்று சொல்லுக்கு ஒற்றை என்று பேரா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

சொக்கலிங்கம்:
மேலமாசி வீதிக் கடை அந்த வீதியின் பெயரைப் போட்டால் அது ஊரா? வீதி. இடப்பெயர் என்ற நன்னூல் வகைக்குள் ஊர், வீதி, கடை எல்லாம் அடங்கும். பொத்தானுக்கு வேறு பெயர் தேடுங்கள். நான் 'இட' பக்கம்தான்.