ஸ்டேபிள் வரிசையாக்கம்: 'நிலையான' என்ற சொல் போதுமா?

நாகர்கோவிலிலிருந்து:
கவுண்டிங் சார்ட்டுக்கு எண்ணி வரிசையாக்கல், ரேடிக்ஸ் சார்ட்டுக்கு இலக்க வரிசையாக்கம் என்று இரண்டு தமிழ்ப் பெயரும் முடிவாகிவிட்டன. ஸ்டேபிள் என்பதற்கு மட்டும் 'நிலையான' என்று போட்டிருக்கிறோம், அது எனக்கு உறுத்துகிறது. 'முன்பின் மாறா' என்று வைக்கலாமா?

குளச்சலிலிருந்து:
'நிலையான' போதுமே அண்ணா. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை வரும் என்பதுதானே பொருள்?

நாகர்கோவில்:
இல்லை தம்பி. தப்பான நிரலும் ஒவ்வொரு தடவையும் அதே தப்பைத்தான் தரும். சம மதிப்புள்ள இரண்டில் முதலில் வந்தது முதலிலேயே நிற்கவேண்டும், அதுதான் பொருள். அந்தச் சொல் உங்களை வேறு பக்கம் இழுத்துவிட்டது பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
என் சிக்கல் இதுதானா என்று பாருங்கள். பார்சல்களை பின்கோடு வாரியாக அடுக்க இலக்க வரிசையாக்கத்தில் ஒரு நிரல் எழுதினேன். எல்லாமே 629 என்று தொடங்குவதால் கடைசி மூன்று இலக்கத்துக்கு மட்டும் மூன்று சுற்று. குழித்துறை 163, எங்கள் ஊர் 165, இரண்டும் சரியாக வந்தன. தக்கலை 175-ஐச் சேர்த்ததும் அது முதலில் போய் நிற்கிறது.

தக்கலையிலிருந்து:
பட்டியலை முன்னாலிருந்து படித்திருப்பீர்கள். எப்போதும் பின்னாலிருந்துதான் படிக்கவேண்டும். பேசாமல் 'பின்னிருந்து நிரப்பல்' என்றே பெயர் வைத்துவிடலாம்.

நாகர்கோவில்:
காரணம் சரி, 'எப்போதும்' என்பது சரியில்லை. ஒவ்வொரு இலக்கமும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் உரிய இடம் எங்கே முடிகிறது என்று கிடைக்கும். முடிவிலிருந்து நிரப்பினால் பின்னாலிருந்து படிக்கவேண்டும்:

```
for i in range(len(a)-1, -1, -1):
    d = a[i] // p % 10
    c[d] -= 1
    out[c[d]] = a[i]
```

தொடக்க இடத்தைக் குறித்துவைத்து ஒன்று ஒன்றாகக் கூட்டினால், முன்னாலிருந்து படிப்பதே சரி. இரண்டையும் கலந்தால் சமமானவை ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகும்.

உங்கள் பட்டியல் 175, 165, 163 என்று வையுங்கள். ஒன்றாம் இலக்கச் சுற்றில் 163, 165, 175 என்று வரும். பத்தாம் இலக்கத்தில் இரண்டு 6 இருப்பதால் 165, 163, 175. நூறாம் இலக்கத்தில் மூன்றுமே 1, அதனால் முழுவதும் புரண்டு 175, 163, 165. குழித்துறையும் மார்த்தாண்டமும் இரண்டு தடவை புரண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டன. அதனால்தான் முதல் சோதனையில் பிழை தெரியவில்லை.

மார்த்தாண்டம்:
வளையத்தைத் திருப்பிவிட்டேன், 163, 165, 175 என்று வருகிறது. இன்னும் நாலைந்து ஊர் சேர்த்துப் பார்க்கிறேன்.

தக்கலை:
'எப்போதும்' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'முன்பின் மாறா' என்றால் எதுவுமே இடம் மாறாது என்று படிப்பார்களே? வரிசையாக்கினால் முன்பின் மாறத்தானே செய்யும்? சமமானவை என்பது பெயரிலேயே வரவேண்டும். 'சமமுறை பேணும்' எப்படி?

குளச்சல்:
அண்ணா, 'சமமுறை' என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது போலக் கேட்கிறது.

நாகர்கோவில்:
தக்கலை சொல்வது நியாயம். என் சொல்லில் அந்தக் குறை இருக்கிறது. 'சமத்தில் முன்பின் மாறா' என்றால் பொருள் சரி, ஆனால் நீளம். நிரல் விளக்கங்களில் இரண்டு வாரம் எழுதிப் பார்க்கிறேன், கை எதற்குப் பழகுகிறதென்று.