புகைப்படத்தில் இடவலம் மாறிய தரை: யாருக்காவது நடந்திருக்கிறதா?

வாசற்படி:
பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் கலந்து வரும் தரைதான், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் இருந்த அந்தப் பழைய தரையைப் பக்கத்து அறைக்கும் நீட்ட வேண்டும். கூடம் முழுக்கச் சாமான் அடைந்து கிடந்ததால், மாதிரிக்காகச் சித்தப்பா பழைய நெகட்டிவிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். டைல்ஸ் பதிப்பவர் அறையை முடித்துக்கொண்டு நிலைவாசலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். அளவு ஒன்று, நிறம் ஒன்று, ஆனால் இரண்டு தரையும் சேர மறுத்தன. கூடத்துச் சின்னச் சதுரங்கள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, அறையில் இருந்தவை மறுபக்கம் இறங்கின. நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். படத்தில் எழுத்து, கடிகாரம் எதுவும் இல்லை. தரையை வைத்தே கண்டுபிடித்திருக்க முடியுமா?

நான்காம் மூலை:
அந்தக் கோலத்தை 90 பாகை திருப்பினாலும் அப்படியே இருக்கும். அவ்வளவு சமச்சீரான தரையில் இடமென்ன, வலமென்ன? அறையைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பதித்திருந்தால் சேர்ந்திருக்கும்.

ஒட்டுக்கோடு:
மேலே சொன்னதில் முதல் பாதி சரி. திருப்பினால் மாறாது என்பதால்தான் திருப்பிப் பயனில்லை. எத்தனை முறை திருப்பினாலும் அதே இடவலம்தான் மிஞ்சும். இந்தக் கோலத்துக்குச் சுழற்சி உண்டு, கண்ணாடிச் சமச்சீர் கிடையாது.

பார்க்கும் முறை எளிது. ஒரு சின்னச் சதுரத்தின் நடுவில் விரலை வைத்து, அதன் பக்கத்துக்கு இணையாகப் பெரிய சதுரம் ஒன்றின் நீளம் நேரே போங்கள். அடுத்த சின்னச் சதுரம் விரலுக்கு நேரே இருக்காது. சின்னச் சதுரம் ஒன்றின் அளவு இடப்புறமோ வலப்புறமோ தள்ளியிருக்கும். எந்தத் திசையில் போனாலும், படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும், அதே பக்கம்தான் தள்ளும். பக்க அளவு 2:1 என்றால் அந்தச் சாய்வு சுமார் 26.6 பாகை, 3:1 என்றால் 18.4. படம் சரிவாக எடுக்கப்பட்டிருந்தால் இந்தப் பாகைகளை நம்பாதீர்கள், இடமா வலமா என்பதை நம்பலாம்.

ஆனால் படம் புரண்டதா என்று படம் மட்டும் சொல்லாது, ஏனென்றால் இரண்டு விதமாகவும் பதிக்கிறார்கள். கூடத்தில் ஒரு மூலைச் சாமானை நகர்த்தி ஒரே ஒரு சின்னச் சதுரத்தைப் பார்த்திருந்தால் போதும். அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு முனையில் மட்டும் மூலையைத் தாண்டி நீளும். எந்த முனை என்பதைப் படத்தோடு ஒப்பிட்டிருந்தால் விஷயம் முடிந்தது.

சாய்கட்டை:
ஹெர்ரிங்போன் தரையிலும் இதே தலைவலி உண்டு. படம் புரண்டால் எல்லாம் போச்சு.

என் கதை வேறு. படத்தைக் காட்டி ஹெர்ரிங்போன் கேட்டேன், செவ்ரான் கட்டைகள் வந்து இறங்கின. அனுப்பியவர் “வளைந்து வளைந்துதானே போகிறது” என்றார். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், கோணத்தைப் பார்க்காதீர்கள், சந்திப்பை எண்ணுங்கள். செவ்ரானில் கட்டையின் முனை சாய்வாக வெட்டப்பட்டு, வளைவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டில் நான்கு கட்டைகள் ஒரு புள்ளியில் கூடும். ஹெர்ரிங்போனில் முனை சதுரமாக நின்று அடுத்த கட்டையின் விலாவில் முட்டும். எங்கே பார்த்தாலும் மூன்றுதான் கூடும். கேமரா எவ்வளவு சாய்ந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. அதோடு, சாய்ந்த படத்தை எடிட் செய்து நேராக்கும்போது, ஒரே கோலம் திரும்ப வரும் புள்ளிகளில் தரையில் சதுரமாக அமையும் நான்கைப் பிடித்துச் சதுரமாக இழுத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரத்தில் லென்ஸ் கோட்டை வளைத்திருக்கும், எனவே நடுவிலிருந்து எடுங்கள். ஒரே ஒரு டைல்ஸின் மூலைகளைப் பிடிப்பதைவிட நாலைந்து தள்ளியுள்ள மூலைகளைப் பிடித்தால் பிழை குறையும்.

ஒட்டுக்கோடு:
எண்ணிக்கை விஷயம் அருமை. முதல் வரி மட்டும் தவறு. ஒரே நிறக் கட்டை என்றால், ஹெர்ரிங்போனைக் கண்ணாடியில் பார்த்துச் சற்று நகர்த்தினால் அதே ஹெர்ரிங்போன்தான். படம் புரண்டாலும் பதிப்பவருக்கு நஷ்டமில்லை.

சாய்கட்டை:
இரண்டு நிறத்தில் கட்டை போட்டால்?

ஒட்டுக்கோடு:
நிறம் எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. படம் இல்லாமல் சொல்ல முடியாது.

மங்கல்:
என்னிடமும் சின்னச் சதுரம் உள்ள தரையின் படம் இருக்கிறது, அடுத்த சதுரம் இடமும் இல்லை வலமும் இல்லை. படம் கெட்டுவிட்டதா?

வாசற்படி:
உங்களுடையது எண்கோணத் தரையாக இருக்கலாம். சின்னச் சதுரத்தின் மூலையிலிருந்து கோடு எப்படிக் கிளம்புகிறது? பக்கத்தின் நீட்சியாகப் போனால் என் தரை. மூலைவிட்டத்தின் போக்கில் போய் அடுத்த சதுரத்தின் மூலையைத் தொட்டால் எண்கோணம், அதில் இடவலப் பேச்சே இல்லை.

மங்கல்:
மூலைகள்தான் மங்கிக் கிடக்கின்றன.