கலைச்சொல்: அந்திச் சூரியனின் சிவப்புக்கு ‘எஞ்சொளி’ பொருந்துமா?

தேன்மொழி:
வணக்கம். வானம் ஏன் நீலம், அந்தி ஏன் சிவப்பு என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். நீலத்துக்குச் ‘சிதறல்’ இருக்கிறது, சிக்கல் இல்லை. சிவப்பில்தான் இடிக்கிறது. வரைவைப் படித்த அண்ணன் மகன், “அப்போ சாயங்காலம் சிவப்பு அதிகமா சிதறுதா?” என்று கேட்டான். இரண்டு இடத்திலும் சிதறல் என்றே சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிதறாமல் தப்பி நேராக நம் கண்ணுக்கு வரும் ஒளிக்கு ‘எஞ்சொளி’ என்று வைக்கலாமா?

இளங்கோ:
புதுச்சொல் எதற்கு? ‘நிறப்பிரிகை’ என்று பாடநூலிலேயே இருக்கிறதே. முப்பட்டகம் போலக் காற்றும் வெள்ளொளியைப் பிரிக்கிறது. நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

அருள்:
இளங்கோ, வெள்ளொளிக்குள் எல்லா நிறமும் இருக்கிறது என்பது வரை சரி. ஆனால் முப்பட்டகம் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் வளைக்கிறது. காற்று மூலக்கூறு அப்படிச் செய்வதில்லை. எந்த நிறமானாலும் எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அளவில்தான் வேறுபாடு. மூலக்கூறு ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியது என்பதால், சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சிதறும்.

தேன்மொழி, உங்கள் சொல்லை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். தூசில்லாத காற்று, சூரியன் உச்சியில். 100 பங்கு நீலத்தில் ஏறக்குறைய 80 சிதறாமல் தரைக்கு வரும், சிவப்பில் 95. அப்புறம் சூரியன் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்துக்கு இறங்கட்டும். இப்போது ஒளி கடக்கும் காற்று சுமார் பத்து மடங்கு. பையனிடம் கால்குலேட்டரைக் கொடுத்து 0.8-ஐப் பத்து முறையும், 0.95-ஐப் பத்து முறையும் பெருக்கச் சொல்லுங்கள். நீலம் 11, சிவப்பு 60. சிவப்பும் குறைந்துதான் போனது. நீலம் அதைவிட வேகமாகக் காலியானது. எஞ்சியது என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது.

ராணி:
நான் அந்தி வானத்தை வருடக்கணக்கில் படம் எடுப்பவள். எனக்கு ஒரு சந்தேகம். நல்ல சிவப்பு சூரியனில் கிடைப்பதைவிட உயரத்து மேகங்களில்தான் கிடைக்கிறது. அந்த ஒளி மேகத்தில் பட்டுத் திரும்பி வருகிறதே, ‘நேராக’ எங்கே வந்தது? அதோடு, தூசு மிகுந்த நாளில் சிவப்பு கூடும் என்கிறார்கள். எனக்கு மங்கிப்போன வானம்தான் வாய்க்கிறது.

அருள்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மேகத்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிப்பதால், வந்து சேர்ந்த நிறத்தையே திருப்பி அனுப்புகிறது. நண்பகலில் வெள்ளையாகத் தெரிந்த அதே மேகம் அந்தியில் சிவப்பது இதனால்தான். நீலத்தைக் கழித்த வேலை மேகத்துக்கு முன்பே, காற்றில் முடிந்துவிட்டது. தூசும் பருமனைப் பொறுத்தது. மிக நுண்ணிய துகள் சிவப்பைக் கூட்டும், பெரிய துகள் எல்லாவற்றையும் கலந்து வெளிறச் செய்யும். ஆகவே வரையறையில் ‘நேராக நம் கண்ணுக்கு’ என்பதை எடுத்துவிட்டு, ‘சூரியக் கதிரில் சிதறாமல் மிஞ்சியது’ என்று வைத்தால் போதும்.

இளங்கோ:
கணக்கைப் போட்டுப் பார்த்தேன், நிறப்பிரிகையை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘எஞ்சொளி’ என்றால் மிச்சம் மீதி என்ற தொனி வருகிறது. ‘நேரொளி’ எளிது, பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தேன்மொழி:
எனக்கு அந்த மிச்சம் என்ற தொனிதான் வேண்டும். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்தோம். பக்கவாட்டில் இலேசான நீலம். எதிர்முனையிலிருந்து பார்த்தால் டார்ச் மஞ்சளாகி, இன்னும் இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சாக மாறியது. அதற்கும் மேல் பால் விட்டபோது தொட்டி முழுக்க வெள்ளை, நீலம் காணாமல் போனது. ஒளி திரும்பத் திரும்பச் சிதறினால் நிறங்கள் மறுபடி கலந்துவிடும் போல. பையன் பக்கவாட்டைக் காட்டி, “இது செலவானது, அது மிச்சம்” என்றான். ‘நேரொளி’ என்றால் அந்தக் கழித்தல் தெரியாது.

அருள்:
அவன் சொன்னதை வைத்தே ‘சிதறொளி’, ‘எஞ்சொளி’ என்று சோடியாகக் கொடுங்கள். ஒரே கதிரின் இரண்டு பங்கு என்பது தானே விளங்கும்.

ராணி:
சோடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேகத்தின் சிவப்பு என்ன? எஞ்சொளி மறுபடி சிதறியது என்றால் அதுவும் சிதறொளி ஆகிவிடுமே. அதற்குத் தனிச்சொல் வேண்டுமா, ‘சிதறிய எஞ்சொளி’ போதுமா?

இளங்கோ:
இந்த இடத்தில்தான் ‘நேரொளி’யும் மாட்டிக்கொள்ளும். கட்டுரையில் மேகத்தைத் தொடப்போகிறீர்களா, தேன்மொழி?

தேன்மொழி:
தொடாமல் முடியாது. பையன் முதலில் கேட்கப்போவதே அதைத்தான். இப்போதைக்குச் ‘சிதறிய எஞ்சொளி’ என்றே எழுதுகிறேன், இதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.