முதல் இரண்டு நாள் 14 லைக், அப்புறம் ஒன்றுமே இல்லை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பரோட்டாமாஸ்டர்
போன மாதம் ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு நாளில் 14 லைக். எனக்கே நம்பிக்கை வராமல் கண்ணாடி முன்னால் ஒரு தரம் போய் நின்று பார்த்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து சுத்தம். படம் அதே படம், ஆள் அதே ஆள். இது எனக்கு மட்டும்தானா? உள்ளே என்னதான் நடக்கிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள்கேப்
அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், ப்ரோ. நான் மூன்று தரம் செய்திருக்கிறேன். புது ஆளை ஆப் கொஞ்ச நாள் தூக்கிவிடும், அப்புறம் கைகழுவிவிடும். எல்லாம் ஈலோ மார்க். செஸ் ஆடுகிறவர்களுக்குப் போடுவது போல நமக்கும் ஒரு நம்பர் ஒட்டிவிடுகிறார்கள்.

ராத்திரிஷிஃப்ட்
பாதி சரி. ஈலோவைக் கைவிட்டுவிட்டதாக டின்டர் 2019-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. புது ஆளைத் தூக்கிவிடுவது பல ஆப்களில் உண்டு. ஆனால் அதே போன் நம்பர், அதே படங்களோடு நாலாவது தரம் வருகிறவரைப் புது ஆள் என்று எல்லா ஆப்பும் நம்பாது.

ஒரு சின்ன டேட்டிங் ஆப்பில் இரண்டு வருடம், யாரை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற வேலைதான் பார்த்தேன். பெயர் வேண்டாம். எங்களிடம் நடந்த கூத்தைச் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் 8 பேருக்குக் காட்டுவோம். எத்தனை லைக் விழுகிறதோ அதை வைத்து, அடுத்து எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவாகும். எல்லோரும் 8 பேரில் 3 லைக் வாங்கியவரைப் பார்த்து அசந்துபோவார்கள். எங்களைக் கவிழ்த்தது 8-க்குப் பூஜ்யம் வாங்கியவர்.

கணக்கைப் பாருங்கள். பார்க்கிற பத்துப் பேரில் ஒருவருக்குப் பிடிக்கிற சாதாரண ப்ரொஃபைல் என்று வைத்துக்கொள்வோம். அவரை 8 பேருக்குக் காட்டினால் ஒரு லைக்கும் விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐ எட்டுத் தரம் பெருக்கினால் 0.43. அதாவது 100 சாதாரண ஆட்களில் 43 பேர் முதல் சுற்றில் பூஜ்யம். நாங்கள் அவர்களைத் தேறாதவர்கள் என்று கீழே தள்ளினோம். கீழே போனவரை யாருக்கும் காட்டுவதில்லை. காட்டாவிட்டால் லைக் எங்கிருந்து வரும்? லைக் வராததால் அங்கேயே கிடந்தார்கள். எங்கள் டேஷ்போர்டில் எல்லாம் பச்சை, ஏனென்றால் மேலே இருந்தவர்களுக்கு மேட்ச் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

பரோட்டாமாஸ்டர்
அப்போ எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ராத்திரிஷிஃப்ட்
தற்செயலாகத்தான். வேறு ஏதோ சோதனைக்காக, 20 கார்டுக்கு ஒன்றை எந்த வரிசையும் பார்க்காமல் குலுக்கலில் எடுத்துக் காட்டும்படி வைத்திருந்தோம். அந்த இடத்தில் வந்த பழைய ‘பூஜ்ய’ ஆட்களுக்கு மற்றவர்களைப் போலவேதான் லைக் விழுந்தது. தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. குலுக்கல் இடம் இல்லாத ஆப்புக்கு இது கண்ணிலேயே படாது. அதன் தீர்ப்பைச் சரிபார்க்க அதனிடம் வேறு சாட்சி இல்லையே.

இன்னொன்றும் இருந்தது. அந்த 8 பேர் யார்? நடுராத்திரி சேர்ந்தவருக்கு அப்போது விழித்திருக்கிற ஆட்கள்தான் கிடைப்பார்கள். அதில் சிலர் 100 கார்டு தள்ளினால் 5 லைக் போடுகிற கறார் பேர்வழிகள். அப்படிப்பட்ட 8 பேரிடம் சராசரியாக வர வேண்டியதே அரை லைக்குக்கும் குறைவு. அவர்களிடம் பூஜ்யம் வாங்கியவரைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பிறகு, பார்க்கிறவர் வழக்கமாக எவ்வளவு லைக் போடுவார் என்பதைக் கழித்துப் பார்த்தோம். முதல் சுற்றை 30 பேராக்கினோம். 30-க்கு வந்ததும் அந்த 43, 4 ஆகிவிடுகிறது.

கொத்தமல்லி
என் தம்பிக்கு மேட்ரிமோனி சைட்டில் ஒரு வருடமாக இதே கதை. பணம் கட்டி மேல் பிளானும் எடுத்தாகிவிட்டது. படத்தை மாற்றினோம், சம்பளத்தைப் போட்டோம். வரன் வந்தபாடில்லை. இந்த 8 பேர் கணக்கு அவனுக்கும் பொருந்துமா?

ராத்திரிஷிஃப்ட்
அக்கா, அது வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் பெண் வீட்டார் வயசு, ஊர், உட்பிரிவு, நட்சத்திரம் என்று ஃபில்டர் போட்டுத் தேடுகிறார்கள். ஃபில்டரில் அடிபட்டவர் வரிசைக்குள்ளேயே வர மாட்டார், பிளான் எதுவானாலும். படத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். எந்தக் கட்டத்தையாவது காலியாக விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். காலிக் கட்டம் சில சைட்டில் ‘பொருந்தவில்லை’ கணக்கில் போய்விடும்.

கொத்தமல்லி
நட்சத்திரம் போடவில்லை. அம்மாவுக்கு நேரம் சரியாக ஞாபகம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

மழைத்தூறல்
நீங்கள் எல்லாம் வரவில்லை என்று அழுகிறீர்கள். நான் சேர்ந்த முதல் நாளே 300-க்கு மேல் லைக். எதைப் பார்ப்பது? 40 பேரைத் தள்ளியதும் கை ஓய்ந்துவிட்டது. உருப்படியான ஆள் யாராவது 212-ஆவது இடத்தில் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. ஐந்தாம் நாள் ஆப்பையே எடுத்துவிட்டேன்.

ராத்திரிஷிஃப்ட்
பரோட்டாமாஸ்டருடைய பிரச்சினைக்கு இதுதான் மறுபாதி. அமெரிக்காவில் நாலு நகரங்களின் டேட்டிங் சைட் தகவலை வைத்து புரூக், நியூமன் என்ற இருவர் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க்கில் 30 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரே மாதத்தில் 1504 மெசேஜ் வந்திருந்தது. பெரும்பாலானோர் தங்களைவிடச் சுமார் 25% மேலே இருப்பவர்களைத்தான் துரத்துகிறார்கள் என்றும் அதில் இருக்கிறது.

படம், பாட்டு பரிந்துரைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாட்டு திருப்பி நம்மைப் பிடிக்கவில்லை என்று சொல்லாது. அவருக்கு இவரைப் பிடிக்க 60% வாய்ப்பு, இவருக்கு அவரைப் பிடிக்க 1% என்றால், சாதாரணச் சராசரி 30.5% என்று காட்டும். அதை நம்பிக் காட்டினால் அவருக்கு ஏமாற்றம், இவருக்குக் குப்பை. அதனால் ஹார்மோனிக் மீன் என்கிற இசைச் சராசரி எடுப்போம், அது சுமார் 2%-தான் வரும். இரண்டில் சின்ன எண் எதுவோ அதன் பக்கமே சாயும். அதோடு, ஒரே ப்ரொஃபைலை ஒரு நாளில் இத்தனை பேருக்கு மேல் காட்டாதே என்று வரம்பும் வைத்தோம். மிஞ்சிய இடம் கீழே இருந்தவர்களுக்குப் போனது.

சைக்கிள்கேப்
இது என்ன ரேஷன் கடையா? எனக்குப் பிடிக்காத ஆளை நியாயத்துக்காக என் திரையில் ஏன் காட்ட வேண்டும்?

ராத்திரிஷிஃப்ட்
20 கார்டில் ஒன்றுதான், ப்ரோ. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். எங்கள் டீமிலும் இதற்குச் சண்டை நடந்தது. மாதக் கடைசியில் 20-க்கு ஒன்றை 40-க்கு ஒன்றாக்கினார்கள், நான் விலகும்போது 50-க்கு ஒன்று.

கருப்பட்டி
ஒன்று கேட்கிறேன். நீங்கள் கணக்கெல்லாம் சரியாகப் போட்டு 30 பேருக்குக் காட்டுகிறீர்கள், சரி. அந்த 30 பேரும் என் நிறத்தைப் பார்த்துத் தள்ளினால்? அப்போது வருகிற பூஜ்யம் தற்செயல் இல்லையே. ஃபில்டர் போட்ட அதே படத்தில் ஐந்து லைக், ஃபில்டர் இல்லாமல் ஒன்றுமில்லை. நானே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரிஷிஃப்ட்
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் குறைவாகப் பார்த்ததால் வந்த தப்பைக் கணக்கால் சரிசெய்யலாம். 30 பேரும் ஒரே மாதிரி நினைத்தால் எங்கள் சிஸ்டம் அதை ‘விருப்பம்’ என்று கற்றுக்கொண்டு, அடுத்து வருகிற கருப்பான ஆளை முதல் கார்டிலிருந்தே கீழே வைக்கும். ஒரு தரம் படத்தின் அம்சங்களைப் புது ஆட்களின் கணிப்பிலிருந்து எடுத்துப் பார்த்தோம். மேட்ச் கொஞ்சம் குறைந்தது, இரண்டு வாரத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

மழைத்தூறல்
திருப்பிப் போடச் சொன்னது யார்?

ராத்திரிஷிஃப்ட்
அந்த மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடவில்லை.

பரோட்டாமாஸ்டர்
எனக்கு ஒரு சந்தேகம். நான் சேர்ந்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு, கடை சாத்திவிட்டு வந்து. ஆனால் எனக்குத்தான் முதலிலேயே 14 வந்ததே?

ராத்திரிஷிஃப்ட்
அப்படியானால் உங்களுக்குக் கிடைத்தது தாராளமாக லைக் போடுகிற கூட்டம். 14 உங்கள் நிஜ அளவு இல்லை, இப்போதைய பூஜ்யமும் இல்லை. இப்போது ஒரு நாளில் எத்தனை பேருக்குக் காட்டுகிறார்கள் என்று உங்கள் ஆப் சொல்கிறதா?

பரோட்டாமாஸ்டர்
அதைப் பார்க்க மாதம் பணம் கட்டச் சொல்கிறது.