அனுபவப் பகிர்வு: I² பூஜ்யம், எக்கர் டெஸ்டும் சுத்தம், ஆனாலும் இடித்த மெட்டா அனாலிசிஸ்கள்

மனநல பிஜி
தீசிஸில் ஒரே மன அழுத்த மருந்துக்கு 9 ட்ரயல், எல்லாமே பிளசிபோவோடு ஒப்பிட்டவை. I² = 0%, எக்கர் p = 0.41. வைவாவில் எக்ஸாமினர் ஃபாரஸ்ட் பிளாட்டை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். "ஒரு நெகட்டிவ் ட்ரயல்கூட இல்லையே, எப்படி?" என்றார். பதில் வரவில்லை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கதிர்
எக்கர் p 0.05-க்கு மேல் என்றால் பப்ளிகேஷன் பயாஸ் இல்லை. I² பூஜ்யம் என்றால் ட்ரயல்கள் ஒத்துப்போகின்றன. சந்தேகமிருந்தால் ரேண்டம் எஃபெக்ட்ஸ் போட்டால் போதும், அது பாதுகாப்பான பக்கம்.

எண்கணக்கன்
கதிர், மூன்றுமே சரியில்லை. 9 ட்ரயலில் எக்கருக்குப் பிடிக்கும் வலுவே கிடையாது. பத்துக்குக் கீழே அதை ஓட்ட வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

I² விஷயத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. ஆறு ட்ரயல், எல்லாவற்றுக்கும் திட்டப் பிழை 0.14. விளைவு அளவு 0.34, 0.41, 0.46, 0.39, 0.15, 0.05. 0.14-ஐ 1.96-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.27. அதைத் தாண்டிய முதல் நான்குதான் அச்சேறின என்று வையுங்கள்.

அந்த நான்கின் சராசரி 0.40. சிதறலை அளக்கும் Q வெறும் 0.38, ட்ரயல் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த df 3. Q-வே df-ஐவிடச் சிறியது, அதனால் I² பூஜ்யம். இப்போது அச்சேறாமல் பெட்டிக்குள் கிடக்கும் இரண்டையும் சேருங்கள். சராசரி 0.30-க்கு இறங்கும், Q 6.76-க்கு ஏறும்.

```
I² = (Q − df) / Q = (6.76 − 5) / 6.76 ≈ 26%
```

ஆக, ட்ரயல்கள் ஒத்துப்போனதால் பூஜ்யம் வரவில்லை. ஒத்துப்போகாதவற்றைக் கழித்துவிட்டதால் வந்தது. திட்டப் பிழை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் ஃபனல் பிளாட்டில் ஆறும் ஒரே வரிசையில் உட்காரும்; சாய்வைப் பார்க்க அங்கே இடமே இல்லை.

சிதறல் இருந்தால் ரேண்டம் எஃபெக்ட்ஸ் சிறிய ட்ரயல்களின் எடையைக் கூட்டும். மிகைப்பட்ட விளைவு அவற்றில்தான் இருக்கிறதென்றால் சராசரி இன்னும் மேலே போகும். அது பாதுகாப்பான பக்கமல்ல.

தாமரை
என் தம்பி இரண்டு வருஷமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறான். இதையெல்லாம் படித்தால் மருந்தே பொய் என்று தோன்றுகிறதே?

எண்கணக்கன்
இல்லைம்மா. டர்னர் குழு 2008-ல் மன அழுத்த மருந்து ட்ரயல்களைப் பார்த்தபோது, அச்சில் வந்த கட்டுரைகளில் 0.41 இருந்த விளைவு அளவு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் தரவில் 0.31 ஆனது. குறைந்தது, மறையவில்லை. அதுவும் சராசரி, உங்கள் தம்பிக்கு எப்படி என்று அந்த எண் சொல்லாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பதிவேடு
டர்னர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எஃப்டிஏவில் பதிவான 74 ட்ரயலில் 38 பாசிட்டிவ், அதில் 37 அச்சேறின. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை, 3 உள்ளபடி வந்தன, 11 பாசிட்டிவ் போல எழுதப்பட்டு வந்தன. என்னை உறுத்துவது அந்த 11. வெளிவராத ட்ரயல் படத்தில் ஓட்டையாகவாவது தெரியலாம். இவை படத்தில் புள்ளியாகவே இருக்கின்றன, சொல்லும் முடிவுதான் வேறு. ஓட்டையை ஊகித்து நிரப்பும் ட்ரிம் அண்ட் ஃபில் இதைத் தொடவே தொடாது.

பிஜி கேட்கவில்லை, ஆனாலும் செய்து பாருங்கள். Drugs@FDA-வில் மருந்தின் பெயரைப் போட்டு, முதல் அனுமதியின்போது எழுதிய ஸ்டாட்டிஸ்டிகல் ரிவ்யூவைத் திறங்கள். பழைய மருந்துகளுக்கு அது ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கும், தேடல் வேலை செய்யாது, வரி வரியாகப் படிக்க வேண்டும். ட்ரயல் எண், மையங்கள், டோஸ், ஒவ்வொரு கைக்கும் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு, உங்கள் 9-ஐ ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். பிறகு பிரைமரி அவுட்கம் ஒன்றுதானா என்று பாருங்கள். ரிவ்யூவில் மன அழுத்த ஸ்கேலான ஹேம்-டியின் மொத்த மதிப்பெண் இருந்து, கட்டுரையில் வேறு ஸ்கேல் முன்னால் வந்து நின்றால், எஃப்டிஏ எண்ணையே எடுங்கள். ட்ரயலை விட்டு இடையில் போனவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் அங்கேதான் பிடிபடும்.

அமெரிக்க அனுமதி கிடைக்காத மருந்தென்றால் இந்த வழி அடைபடும். ரெபாக்செட்டின் அப்படித்தான். ஜெர்மனியின் ஐக்யூவிக் நிறுவனம் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிய பிறகுதான், நோயாளித் தரவில் 74% வெளியிடப்படவில்லை என்று 2010-ல் தெரிந்தது.

கதிர்
எக்கர் பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹேம்-டி 17, 21, மாட்ரஸ் எல்லாவற்றையும் பொது அலகுக்கு மாற்றி ஒரே எஸ்எம்டியில் அடைத்தால், அதனால் வரும் ஹெட்டரோஜெனிட்டி எது, பயாஸ் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

எண்கணக்கன்
முழுசாகப் பிரிக்க முடியாது. ஒரே ஸ்கேல் உள்ளவற்றை மட்டும் மூலப் புள்ளி வித்தியாசத்தில் தனியாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சிதறல் அப்படியே இருந்தால் காரணம் ஸ்கேல் அல்ல.

மனநல பிஜி
ரிவ்யூவைத் திறந்துவிட்டேன். என் பட்டியலில் இல்லாத இரண்டு ட்ரயல் இருக்கின்றன. ஒன்றில் மூன்று டோஸ் கை, பிளசிபோ கை ஒன்றே ஒன்று. டோஸ்களைச் சேர்ப்பதா, பிளசிபோவை மூன்றாகப் பங்கிடுவதா?