புதுப்பிப்பு: காற்று ஏறாத ஸ்பிரேயர்

முன்பு கேட்டது: "5 லிட்டர் கை ஸ்பிரேயர். எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று ஏறவில்லை. நாசிலிலும் சொட்டுதான் வருகிறது."

சரியாகிவிட்டது. தக்கலையில் பம்ப் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி முதலில் கேட்டது, "கைப்பிடி எப்படிப் போகுது?" தடையே இல்லாமல் இறங்கினால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கும்; அழுத்தியபின் தானாக மேலே எழும்பினால் அடி வால்வு காற்றை விடுகிறது. என்னுடையது வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூடியை மெல்லத் தளர்த்தி, மிச்சக் காற்றை விட்டபிறகே பம்பைக் கழற்றினோம். வாஷரான ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது.

தேங்காய் எண்ணெய் போதும் என்று இங்கே ஒருவர் சொன்னது பாதி சரி. தடவியதும் பிடித்தது, பிறகு பழையபடி ஆனது. பழைய வளையத்தைக் காட்டி அதே தடிமனில் புதிது வாங்கி, சிலிக்கான் கிரீஸ் பூசியதும் கைப்பிடி கனத்தது.

நாசில் அடைப்பு வேறு கதை. வேப்பெண்ணெயும் சோப்பும் வடிகட்டாமல் ஊற்றியதில் உள்ளே பிசின்போல் படிந்திருந்தது. வெந்நீர் சோப்பில் ஊறவைத்து பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகி மூடுபனி தாரையாகிவிடும்.

மோட்டார் ஸ்பிரேயர் பற்றிக் கேட்டவருக்கு: இது கைப்பம்புக்கு மட்டும். மூடியோரம் இன்னும் லேசாகக் கசிகிறது, காரணம் பிடிபடவில்லை.